சொந்த உபயோகம் என்ற கட்டம்

அந்த ஆள் இன்றைக்கும் வந்துவிட்டார்.

காவலாளி ஷோரூம் கதவைத் திறந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாடிக்கையாளர்கள் காத்திருப்பதற்கென்று ஆறு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கிறோம். அதில் மூன்றாவதில் உட்கார்ந்தார். மடியில் பிளாஸ்டிக் உறை. கண் என் மேஜை மேல். இது இருபத்திரண்டாவது நாள். ஷோரூம் பையன்கள் அவருக்கு "மூணாம் நம்பர்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது சிரிப்பு. எனக்கு அவரைப் பார்த்தாலே பயம்.

கத்தினால் தேவலை. கத்துகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். பதினொரு வருஷமாக இந்த மேஜையில் உட்கார்ந்து வாயால்தான் சோறு சாப்பிடுகிறேன். இவர் கத்துவதில்லை. முதல் நாள் மட்டும் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்கு நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?" அவ்வளவுதான். நான் கம்ப்யூட்டர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் கேட்கவும் இல்லை, போகவும் இல்லை. வீட்டுக்குப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் நாலு தரம் திரும்பிப் பார்க்கிறேன். அவர் என் பின்னால் வந்ததே கிடையாது. ஆனால் வருவார் என்று மனசு சொல்கிறது. மனசுக்கு யார் வாய்ப்பூட்டு போடுவது?

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கார் வாங்க வருகிறவர்கள் நிறம், சீட், கடன் எல்லாம் முடிவு செய்த பிறகு கடைசியாக என்னிடம் வருவார்கள். நான் இரண்டு சரக்கு விற்கிறேன். ஒன்று, கூடுதல் வாரன்டி. கார் கம்பெனி மூன்று வருஷத்துக்கு வாரன்டி தருகிறது. அது முடிந்த பிறகு இன்னும் இரண்டு வருஷத்துக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வது இது. இன்னொன்று, சர்வீஸ் பிளான். மூன்று வருஷத்துச் சர்வீஸுக்கு இன்றைக்கே மொத்தமாகப் பணம் கட்டுவது. எல்லோரும் என்னைக் கூப்பிடுவது "வாரன்டி அக்கா" என்றுதான்.

ஆனால் உண்மையில் நான் விற்பது பயம். அதற்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். "போன மழைக்கு ஒரு குடும்பம் மேடம், மலைப்பாதைல போயிருக்காங்க. வாரன்டி முடிஞ்சு பதினேழே நாள். கியர்பாக்ஸ் பூட்டிக்கிச்சு. பின்சீட்ல மாசமா இருக்கிற பொண்ணு. டவர் இல்ல, வெளிச்சம் இல்ல. சரிபண்ண ஆன செலவு கார் விலைல பாதி." இந்த இடத்தில் நிறுத்தி, பேனாவை மெதுவாக அவர்கள் பக்கம் தள்ளுவேன். அப்படி ஒரு குடும்பமே கிடையாது. என் கற்பனை. பதினேழு நாள் என்ற கணக்கை மட்டும் ரொம்ப யோசித்துச் சேர்த்தேன். முழு மாசம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வேண்டாம் என்கிறவர்களுக்கு மறுப்புப் படிவம் இருக்கிறது. என்னென்ன உதிரிபாகம் போனால் எவ்வளவு செலவு என்று பட்டியல் போட்டு, கீழே "எல்லாம் எனக்கு விளக்கப்பட்டது, நானே வேண்டாம் என்கிறேன்" என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். அதில் கையெழுத்துப் போடப் பாதிப் பேருக்குக் கை வராது.

இனி மூணாம் நம்பர் விஷயம். வாரன்டி படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். சொந்த உபயோகம், வாடகை உபயோகம். வாடகைக்கு ஓட்டும் காருக்கு எங்கள் கூடுதல் வாரன்டி செல்லாது. இதை வாங்குகிறவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி டிக் போட வேண்டும். கேட்டால் என்ன ஆகும்? "எதுக்குக் கேக்கறீங்க, ஓட்டினா என்ன ஆகும்?" என்று பேச்சு வளரும். வியாபாரம் நழுவும். அதனால் நாங்கள் யாரும் கேட்பதில்லை. தினமும் காலையில் டீ குடிக்கும்போது அன்றைக்கு வருகிறவர்களுக்கான படிவங்களை எடுத்து, எல்லாவற்றிலும் "சொந்த உபயோகம்" கட்டத்தில் பச்சைப் பேனாவால் டிக், டிக், டிக் என்று போட்டு அடுக்கிவிடுவேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் செய்தார். நானும் அப்படித்தான் செய்கிறேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரிந்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த டிக் போட்ட தாளில் ஒன்றில் இவர் கையெழுத்துப் போட்டார். தன் தெருவில் இருக்கிற பிள்ளைகளைக் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டு மாசக் கட்டணம் வாங்குகிறவர். போன மாசம் கியர்பாக்ஸ் போயிற்று. வாரன்டி கேட்டார். சோதிக்க வந்த ஆள் பின்சீட்டில் கிடந்த குட்டிக் குட்டித் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "யார் பிள்ளைங்க?" என்று கேட்டிருக்கிறார். ஒளிக்கத் தெரியாத மனுஷன், உள்ளதைச் சொல்லிவிட்டார். வாரன்டி செல்லாது, நீங்களே சொந்த உபயோகம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று கம்பெனி கைகழுவிவிட்டது. நான் சொல்லும் கதையில் வருகிற அதே கியர்பாக்ஸ்.

இன்றைக்கு மாசக் கடைசி. மாசத்துக்குப் பன்னிரண்டு வாரன்டி விற்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். போன இரண்டு மாசமும் எனக்குக் குறைந்தது. மூன்றாவது மாசமும் குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். என்னோடு இருந்த இரண்டு பெண்களை அப்படித்தான் அனுப்பினார். என் கணவருக்கு முதுகெலும்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் வருகிற சம்பளம் ஒன்றே ஒன்றுதான். இந்த மாசம் பதினொன்று ஆகிவிட்டது. பன்னிரண்டாவது, பத்தரை மணிக்கு வருவதாக இருந்தது. என் தங்கச்சி.

சொன்னபடி வந்தார்கள். தங்கச்சி முகம் பூரித்திருந்தது. புதுத்துணி போட்டிருந்தாள். பின்னால் அவள் வீட்டுக்காரர், தோளைக் குறுக்கிக்கொண்டு. நல்ல மனுஷன், அதிர்ந்து பேசத் தெரியாதவர். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

"அக்கா, கார் வெளிய நிக்குதே, அதுதானா? அய்யோ, போட்டோல பாத்ததவிட அழகா இருக்கே!"

"உக்காருடி, கண்ணு போட்டுடாத."

"நீ சொல்றதுல கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடறேன். என்னென்ன எடுக்கணும் சொல்லு."

பழக்கம் பாருங்கள். கூடப் பிறந்தவள் என்று பார்க்காமல் வாய் தானாகக் கதையைத் தொடங்கிவிட்டது. மழை, மலைப்பாதை, பதினேழு நாள். தங்கச்சி ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கிறவள். தினமும் கெட்ட செய்தி கேட்டுக் கேட்டு, எல்லாவற்றுக்கும் பதறுவாள். மாசமாக இருந்த பெண் கட்டம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டையும் போட்டுடு அக்கா. வாரன்டியும் வேணும், சர்வீஸ் பிளானும் வேணும். நடுரோட்டுல நிக்க என்னால ஆகாது."

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். மூன்றாவது நாற்காலியிலிருந்து அந்த ஆளும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடையாள அட்டையை நகல் எடுக்க நான் எழுந்தேன். தம்பி கூடவே வந்தார். நகல் இயந்திரம் தூணுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கத்தாதீங்க."

"என்ன தம்பி?"

"எனக்கு வேலை போயிடுச்சுக்கா. ரெண்டு மாசம் ஆச்சு. ஃபேக்டரில எங்க பிரிவையே மூடிட்டாங்க. அவளுக்குத் தெரியாது. வேலைய விட்டு அனுப்பினப்ப குடுத்த பணத்துலதான் காரே வாங்கறேன். பகல்ல வாடகைக்கு ஓட்டப் போறேன். நாலு காசு கைல வந்ததும் நானே பக்குவமா சொல்லிடுவேன். அதுவரைக்கும் நீங்க..."

இயந்திரத்தின் விளக்கு ஒரு தரம் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிற்று.

"அந்த வாரன்டிய மட்டும் கண்டிப்பா போட்டுடுங்கக்கா," என்றார். "வண்டிதான் இனிமே சோறு. அது படுத்துடுச்சுன்னா நாங்க குடும்பத்தோட படுத்துடுவோம்."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாடகைக்கு ஓட்டினால் இது காகிதம் தம்பி, காசைக் கரியாக்காதே என்று. சொல்லவில்லை. பயம். பன்னிரண்டு என்ற எண் கண்ணுக்கு முன்னால் நின்றது. நாலு வருஷம் கழித்துத்தானே, அதற்குள் யார் எங்கே இருப்பார்களோ என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். "சரி வாங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மேஜைக்கு வந்து, அடுக்கிலிருந்து ஒரு படிவத்தை உருவித் தங்கச்சிக்கு முன்னால் வைத்தேன். கார் அவர்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. முதல் பக்கம் கையெழுத்துப் போட்டாள். தாளைப் புரட்டினேன். பச்சை டிக் அங்கே தயாராக இருந்தது.

அப்போதுதான் மூணாம் நம்பர் எழுந்தார். முதல் நாளுக்குப் பிறகு அவர் எழுந்து என்னை நோக்கி நடந்து வந்ததே இல்லை. அவர் மேஜையருகே வந்து நின்றார். உறைக்குள் கையை விட்டார். கத்தி என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். தங்கச்சியைப் பின்னால் இழுப்பதற்காக நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

அவர் எடுத்தது ஒரு தாள். மடித்து மடித்துத் துணிபோல ஆகிவிட்ட தாள். அதை விரித்துத் தங்கச்சியின் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே இரண்டாம் பக்கம். அதே கட்டம். அதே பச்சை மை, அதே வால் நீண்ட டிக். என் கை போட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"யாருக்கா இவரு?" தங்கச்சி மிரண்டுபோய்க் கேட்டாள்.

நான் அவள் முன்னாலிருந்த படிவத்தை எடுத்துக் கிழித்தேன். கீழ் அலமாரியிலிருந்து டிக் இல்லாத புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். பதினொரு வருஷத்தில் முதல் தரமாக அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டேன்.

"தம்பி, இது கேட்டே ஆகணும். கார் சொந்த உபயோகத்துக்கா, வாடகைக்கு ஓட்டறதுக்கா?"

அவர் முகம் வெளிறிவிட்டது. தங்கச்சி சிரித்தாள். "என்ன அக்கா கேள்வி இது? இவரு ஃபேக்டரி வேலைய விட்டுட்டு டாக்ஸியா ஓட்டப் போறாரு?"

தம்பி என்னையே பார்த்தார். கண்ணால் கும்பிட்டார் என்றே சொல்ல வேண்டும். பிறகு மெதுவாகச் சொன்னார். "சொந்தத்துக்குத்தான்க்கா."

முடிந்தது. நான் தப்பித்துவிட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, அவரே வாயால் சொல்லியாயிற்று. நாளைக்கு எவன் வந்தாலும் என் பேரில் விரல் நீட்ட முடியாது. பன்னிரண்டாவதும் ஆயிற்று. டிக் போட்டால் போதும். பேனாவைக் கட்டத்துக்கு மேலே கொண்டுபோனேன்.

மூணாம் நம்பர் தன் தாளை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினார். அவசரமே இல்லாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்து. நாலு வருஷம் கழித்துத் தம்பியும் இப்படித்தான் ஒரு தாளை மடித்துக்கொண்டு எவள் முன்னாலாவது நிற்பார். அந்தப் பயம் வேலை போய்விடும் என்ற பயத்தைவிடப் பெரிதாக வந்து என்னைப் பிடித்தது.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"வேணாம்டி," என்றேன் தங்கச்சியிடம். "ரெண்டும் வேணாம்."

"இப்பத்தானே மலைப்பாதைன்னு சொன்னே?"

"அது பொய். அப்படி யாருமே இல்ல. நான் கட்டின கதை."

"பொய்யா? என்கிட்டயா?"

"எல்லார்கிட்டயும். கேளு. வாடகைக்கு ஓட்டற காருக்கு இந்த வாரன்டி செல்லாது. இதோ இவருக்குச் செல்லல. நீங்க கட்டற காசு குப்பைக்குத்தான் போகும்."

"எங்களுக்கு எதுக்கு வாடகை..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசம்," என்றார் தம்பி.

அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. குரல் இறங்கிப்போய்க் கேட்டாள். "தினமும் சோறு கட்டிக் குடுத்தேனே, எங்க உக்காந்து சாப்ட்டே?"

"பஸ் ஸ்டாண்டுல," என்றார்.

வெளியே யாரோ ஒரு குடும்பம் புதுக் காருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது, அதனால் நானே தொடங்கினேன். வாடகை வண்டி என்றே பதிவு செய்யுங்கள், விபத்து இன்சூரன்ஸையும் அதற்கேற்ற மாதிரியே எடுங்கள், பொய் சொல்லி எடுத்தால் அதுவும் உதவாது. வாடகை வண்டி என்றால் முதல் மூன்று வருஷ வாரன்டியில் என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் பிளானில் பிரேக், டயர், பேட்டரி எதுவும் வராது. முதல் மூன்று சர்வீஸுக்குக் கம்பெனி கூலியே வாங்குவதில்லை, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும்தான் காசு. அதற்குப் போய் மொத்தமாகக் கட்டுவது வீண். இரண்டுக்கும் வைத்திருந்த பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், வாடகை வண்டிக்குப் பிரேக்கும் டயரும் சீக்கிரம் தேயும். சர்வீஸ் தேதி மட்டும் தப்பக்கூடாது, பில்லைத் தொலைக்கக்கூடாது. தம்பி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

தங்கச்சி கேட்ட மாதிரியே தெரியவில்லை. மறுப்புப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, சிவப்பு எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தம்பியிடம் தள்ளினாள். எழுந்து போகும்போது என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நகல் எடுக்கப் போனப்பவே உனக்குத் தெரியும். அப்புறமும் என் கைல பேனா குடுத்தே."

"ஆமாம்டி," என்றேன்.

அவர்கள் கார் சாவி வாங்கும் அறைக்குப் போனார்கள். அவர் இரண்டடி பின்னால் நடந்தார். கதவருகே அவள் நின்று, அவர் வரும்வரை காத்திருந்து, பிறகு உள்ளே போனாள். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

மூணாம் நம்பர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் மடித்த தாளைக் கேட்டு வாங்கி விரித்தேன். பச்சை டிக்குக்குப் பக்கத்தில் அதே பேனாவால் எழுதினேன்: "இந்த டிக்கை நான் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன். எந்த உபயோகத்துக்கு என்று இவரிடம் நான் கேட்கவில்லை." கீழே கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

"இதை வெச்சு வாரன்டிக்காரங்களுக்கு எழுத்துல புகார் குடுங்க. கியர்பாக்ஸ் கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. கட்டின காசையாவது திருப்பிக் கேளுங்க. விடாதீங்க."

அவர் எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகிடாதேம்மா?" என்று கேட்டார். இருபத்திரண்டு நாள் நான் பயந்து செத்த ஆள் கேட்ட கேள்வி இது. அவர் தாளை உறைக்குள் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

கண்ணாடிக் கதவு திறந்தது. மேனேஜர் வந்து என் மேஜையிலிருந்த மறுப்புப் படிவத்தைக் கையில் எடுத்தார். "என்ன நடக்குது இங்க? பன்னெண்டாவது எங்க? அந்தாளுக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் முகம் மாறியது. செல்போனை எடுத்தபடி, "வெளிய உக்காருங்க, மேலிடத்துல பேசிட்டுக் கூப்பிடறேன்," என்றார். என் நாற்காலியில் போய் உட்காரச் சொல்லவில்லை.

மாசக் கடைசிக் கூட்டம். ஆறு நாற்காலிகளில் ஐந்தில் ஆட்கள். மூன்றாவது மட்டும் காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் அதில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் என் முகம் இருக்கும் இடம் தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரை அதை மறைக்கிறது. தெரிந்ததெல்லாம் மேஜையின் வலது ஓரம். டீ கிளாஸ், பச்சைப் பேனா, டிக் போட்டு அடுக்கி வைத்த படிவங்கள். தினமும் கதவு திறந்ததும் வந்து, நான் டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக டிக் போடுவதைத்தான் அவர் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.